வற்றுவது தண்ணீர், அமிலம் அல்ல

ஜார்ஜ்டவுனில் ஜனவரிக்கும் ஜூலைக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 31, 32 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும், இரவில்கூடப் பெரிதாகக் குளிர்வதில்லை. ஓடி நின்ற காரின் பானட்டுக்கு அடியில் இதைவிடப் பல டிகிரி கூடுதலாக இருக்கும். மாலை நேரத்தில் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும்போது, எஞ்சினைக் குளிரவைக்க வேண்டிய எதிர்காற்றும் இல்லாமல் போய்விடும். அந்தச் சூட்டில்தான் கார் பேட்டரி தன் வாழ்நாளைக் கழிக்கிறது. குளிர்நாட்டில் ஓடும் காரில் மெதுவாக நடக்கும் ஒரு காரியம் இங்கே விரைவாக நடக்கிறது: பேட்டரிக்குள் இருக்கும் நீர்மட்டம் இறங்கிவிடுகிறது.

மூடிகளைக் கழற்றக்கூடிய பழைய வகைப் பேட்டரி உள்ள காரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெளிர்நிறப் பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு கோடுகள் இருக்கும். மேலே ‘அப்பர் லெவல்’, கீழே ‘லோவர் லெவல்’. திரவம் கீழ்க்கோட்டை நெருங்கிவிட்டது என்று தெரிந்ததும் உதிரிபாகக் கடைக்குப் போகிறோம். அங்கே அலமாரியில் இரண்டு வகை பிளாஸ்டிக் புட்டிகள் இருக்கக்கூடும். ஒன்றில் ‘ஆயர் சூலிங்’ என்று எழுதியிருக்கும், அது காய்ச்சி வடித்த நீர். இன்னொன்றில் ‘ஆசிட்’ என்று எழுதியிருக்கும், அது நீர் கலந்த கந்தக அமிலம். இரண்டுமே நிறமற்றவை. எதை வாங்குவது?

பலருக்கு இந்த இடத்தில் குழப்பம் வருவதற்கு நியாயமான காரணம் உண்டு. பேட்டரிக்குள் இருப்பது அமிலம் என்று எல்லோருக்கும் தெரியும். குறைந்ததும் அமிலமாகத்தானே இருக்க வேண்டும் என்று மனம் முடிவு கட்டுகிறது. அதோடு, புது மோட்டார் சைக்கிள் பேட்டரி வாங்கும்போது கடைக்காரர் புட்டியிலிருந்து அமிலத்தை ஊற்றி நிரப்பித் தருவதைப் பார்த்திருப்போம். உலர்ந்த நிலையில் தொழிற்சாலையிலிருந்து வரும் பேட்டரிக்கு அது முதல் நிரப்பு. அதன் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் அது நடக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த அமிலம் எங்கே போகிறது, போகிறதா என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி.

ஈய அமிலப் பேட்டரியை 1859இல் பிரான்ஸில் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். 1881இல் கமீல் ஃபோர், தகட்டின் மேல் ஈயப் பசையைப் பூசும் முறையைக் கண்டுபிடித்து அதை வணிகத்துக்கு ஏற்றதாக்கினார். ஆனால் உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது என்பது அப்போதும் தெளிவாகவில்லை. 1882இல் ஜான் ஹால் கிளாட்ஸ்டன், ஆல்ஃபிரட் டிரைப் என்ற இரண்டு ஆங்கிலேய வேதியியலாளர்கள் விடையைச் சொன்னார்கள். பேட்டரி மின்சாரம் தரும்போது நேர்தகடு, எதிர்தகடு இரண்டுமே ஈய சல்பேட்டாக மாறுகின்றன என்றார்கள். அந்த சல்பேட் வருவது அமிலத்திலிருந்து. இன்றும் பாடநூல்களில் உள்ள சமன்பாடு இதுதான்:

Pb + PbO₂ + 2H₂SO₄ → 2PbSO₄ + 2H₂O

இடமிருந்து வலமாகப் படித்தால் பேட்டரி மின்சாரம் தருகிறது: அமிலம் திரவத்தை விட்டுத் தகடுகளுக்குள் போகிறது, கொஞ்சம் தண்ணீர் புதிதாக உண்டாகிறது. வலமிருந்து இடமாகப் படித்தால் பேட்டரி சார்ஜ் ஆகிறது: தகட்டிலிருந்த சல்பேட் மீண்டும் அமிலமாகித் திரவத்துக்குத் திரும்புகிறது. ஆக, அமிலத்துக்கு இருப்பிடம் இரண்டே இரண்டு. ஒன்று திரவம், மற்றது தகடு. வெளியே போகும் வாசல் இந்தச் சமன்பாட்டில் இல்லை.

அப்படியானால் குறைவது எது? பேட்டரி முழுதாக சார்ஜ் ஆன பிறகும் ஆல்டர்னேட்டர் விடாமல் மின்சாரம் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மாற்றுவதற்கு சல்பேட் மிச்சமில்லாதபோது அந்த மின்சாரம் தண்ணீரை உடைக்கத் தொடங்குகிறது. எதிர்தகட்டில் ஹைட்ரஜனும் நேர்தகட்டில் ஆக்சிஜனும் குமிழ்களாக எழுந்து மூடியின் நுண்துளை வழியே வெளியேறுகின்றன. தேவைக்கு மேல் போகும் ஒவ்வொரு மூன்று ஆம்பியர்-மணிக்கும் ஒவ்வோர் அறையிலிருந்தும் ஏறக்குறைய ஒரு கிராம் தண்ணீர் இப்படிக் கழிகிறது. சூடு ஏறினால் அதே வோல்ட்டேஜில் இந்த வீண் மின்னோட்டம் கூடும். பினாங்கில் பேட்டரி அதிகமாகத் தண்ணீர் கேட்பதற்கு இதுதான் முதன்மையான காரணம். சூட்டில் நேரடியாக ஆவியாவதும் தண்ணீர்தான். இந்த அடர்த்தியில், இந்த வெப்பத்தில் கந்தக அமிலம் ஆவியாவதே இல்லை என்று சொல்லிவிடலாம். குமிழ்கள் வெடிக்கும்போது துளித்துளியாக அமிலப் பனி கொஞ்சம் தெறிக்கும். டெர்மினலைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கும் மாவு போன்ற படிவுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அளவில் அது மிகச் சிறியது, கணக்கில் சேர்க்கத் தேவையில்லாதது.

குழம்பு அடுப்பில் வற்றிப்போனால் உப்புக் கரிக்கிறது. தண்ணீர் விடுகிறோம், உப்பைப் போடுவதில்லை. பேட்டரிக்கும் அதே நியாயம்தான், ஆனால் இங்கே எவ்வளவு கரிக்கிறது என்பதை எண்ணால் காட்ட முடியும்.

சிறிய காரில் இருக்கும் 12 வோல்ட், 45 ஆம்பியர்-மணி பேட்டரியை எடுத்துக்கொள்வோம். அதில் ஆறு அறைகள். ஓர் அறையில் அரை லிட்டர் திரவம் இருப்பதாகக் கொள்வோம். முழு சார்ஜில் அதன் ஒப்படர்த்தி 1.265, அதாவது தண்ணீரைவிட 1.265 மடங்கு கனம். அரை லிட்டரின் எடை 632 கிராம். அதில் அமிலம் 224 கிராம், மீதி 408 கிராம் தண்ணீர். சில மாத ஓட்டத்தில் இந்த அறையிலிருந்து 60 கிராம் தண்ணீர் போய்விடுகிறது. அமிலம் அதே 224 கிராம்தான். திரவம் குறைந்ததால் ஒப்படர்த்தி ஏறக்குறைய 1.295 ஆகிவிடுகிறது. இப்போது 60 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரை ஊற்றினால் எல்லாம் பழைய கணக்குக்குத் திரும்புகிறது: 632 கிராம், 1.265.

அதே இடத்தில் கடையில் வாங்கிய, 1.265 அடர்த்தியுள்ள அமிலத்தை 60 மில்லிலிட்டர் ஊற்றினால்? மட்டம் சரியாகிவிடும், பார்ப்பதற்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் அறைக்குள் புதிதாக 27 கிராம் அமிலம் சேர்ந்திருக்கும். ஒப்படர்த்தி 1.29 அருகிலேயே நின்றுவிடும். இன்னும் சில மாதம் கழித்து மறுபடி 60 கிராம் தண்ணீர் போய், மறுபடி அமிலம் ஊற்றினால் 1.32 ஆகும். ஒவ்வொரு முறையும் போவது தண்ணீர், வருவது அமிலம் என்பதால் இந்த ஏற்றம் நிற்காது.

இதில் ஏமாற்றும் பகுதி ஒன்று உண்டு. அமிலம் அடர்த்தியானால் பேட்டரியின் ஓய்வு வோல்ட்டேஜ் உயரும். ஓர் அறையின் வோல்ட்டேஜை ஏறக்குறையச் சொல்ல, ஒப்படர்த்தியோடு 0.845ஐக் கூட்டினால் போதும். 1.265க்கு ஆறு அறைகளும் சேர்ந்து 12.66 வோல்ட். 1.32க்கு 12.99 வோல்ட். மீட்டரை வைத்துப் பார்ப்பவருக்குப் பேட்டரி முன்னைவிட வலுவாகிவிட்டதாகத் தோன்றும். சில நாள் ஸ்டார்ட்டரும் சுறுசுறுப்பாகச் சுழலக்கூடும். “ஆசிட் ஊற்றினால் செத்த பேட்டரியும் எழுந்துவிடும்” என்ற நம்பிக்கை நிலைத்திருப்பதற்கு இந்தச் சில நாள்கள்தான் காரணம்.

அந்தச் சில நாளுக்குப் பிறகு நடப்பதைத்தான் கவனிக்க வேண்டும். காரின் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டை ஒட்டிய ஓர் அளவில் கட்டுப்படுத்தப்பட்டது. பேட்டரிக்குள் என்ன அடர்த்தி இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பேட்டரியின் சொந்த வோல்ட்டேஜ் உயர்ந்துவிட்டால், இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் சுருங்குகிறது. அந்த வித்தியாசம்தான் மின்சாரத்தை உள்ளே தள்ளும் விசை. அது சுருங்கினால் பேட்டரி முழுதாக சார்ஜ் ஆவதில்லை. தகட்டில் மிச்சமான சல்பேட் நாளடைவில் பெரிய, இறுகிய படிகங்களாகிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு சார்ஜ் செய்தாலும் அதில் பெரும்பகுதி திரும்பாது. இன்னொரு பக்கம், கூடுதல் அடர்த்தியுள்ள அமிலம் நேர்தகட்டின் ஈயச் சட்டத்தையும் தகடுகளுக்கு நடுவே உள்ள பிரிப்பான்களையும் வேகமாக அரிக்கிறது. சூடு இந்த அரிப்பைத் துரிதப்படுத்தும். வெப்பநாடுகளுக்கென்று செய்யும் சில பேட்டரிகளில் தொடக்கத்திலேயே ஒப்படர்த்தியை 1.240 அளவுக்குக் குறைத்து வைப்பது இதனால்தான். நம் ஊர்ச் சூட்டுக்காகத் தயாரிப்பாளர் அமிலத்தைக் குறைத்துக் கொடுக்கிறார், நாம் அதைக் கூட்டுகிறோம் என்றால் அவர் செய்த வேலையை அழிக்கிறோம் என்றுதான் பொருள்.

இன்னொரு தவறு, ஹைட்ரோமீட்டர் வைத்திருப்பவர்கள் செய்வது. கண்ணாடிக் குழாய்க்குள் மிதவையும் மேலே ரப்பர்ப் பந்தும் உள்ள அந்தக் கருவியால் திரவத்தை உறிஞ்சிப் பார்க்கிறார்கள். 1.18 காட்டுகிறது. அமிலம் நீர்த்துப்போய்விட்டது, அமிலம் சேர்த்தால் சரியாகும் என்று நினைக்கிறார்கள். நம் 45 ஆம்பியர்-மணிப் பேட்டரியிலேயே இதையும் கணக்கிடலாம். அது பாதி இறங்கியிருக்கும்போது, ஒவ்வோர் அறையிலும் ஏறக்குறைய 80 கிராம் அமிலம் சல்பேட்டாகித் தகடுகளுக்குள் உட்கார்ந்திருக்கும். திரவத்தில் மீந்திருப்பது 144 கிராம். ஒப்படர்த்தி 1.18 என்று காட்டுவது முழுக்க முழுக்கச் சரி. கருவி சொல்வது “சார்ஜ் செய்” என்பது மட்டுமே. அந்த நேரத்தில் அமிலம் ஊற்றி எண்ணை 1.265க்கு ஏற்றிவிட்டு, பிறகு சார்ஜ் போட்டால் தகட்டிலிருந்த 80 கிராமும் திரும்பி வந்து சேரும். அதற்குமேல் அந்தப் பேட்டரியின் ஹைட்ரோமீட்டர் எண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது. நல்லது கெட்டது சொல்லும் ஒரே சாட்சியை நாமே கெடுத்துவிட்டோம்.

அமிலம் உண்மையிலேயே குறையும் ஒரு நிலையும் உண்டு. பேட்டரி கவிழ்ந்து திரவம் கொட்டினாலோ, அளவுக்கு மேல் நிரப்பியதால் மூடி வழியே பொங்கி வழிந்தாலோ தண்ணீரோடு அமிலமும் சேர்ந்துதான் வெளியே போயிருக்கும். அப்போதும் முதலில் முழு சார்ஜ் செய்து, ஒப்படர்த்தியை அளந்து, அதன்பிறகே அதே அடர்த்தியுள்ள திரவத்தைச் சேர்க்க வேண்டும். அது பேட்டரிக் கடையில் செய்ய வேண்டிய வேலை, வீட்டு வாசலில் அல்ல.

இனி மட்டம் பார்ப்பதற்கு வருவோம். வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்துச் சூடு தணியவிடுங்கள். மூடியைத் திறக்கும் முன் பேட்டரியின் மேற்பரப்பை ஈரத்துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் மேலே படிந்த புழுதி நேரே அறைக்குள் விழும். பக்கவாட்டுக் கோடுகள் தெரியாவிட்டால் டார்ச் அடித்துத் துளைக்குள் பாருங்கள். சாம்பல் நிறத் தகடுகளின் விளிம்புக்கு மேல் 10 முதல் 15 மில்லிமீட்டர் திரவம் நிற்க வேண்டும். பல பேட்டரிகளில் துளையிலிருந்து கீழ்நோக்கி ஒரு குட்டைக் குழாய் நீண்டிருக்கும். திரவம் அதன் அடிவிளிம்பைத் தொட்டதும் மேற்பரப்பு வளைந்து தெரியும், அதுவே நிரம்பியதற்கு அடையாளம். வெளிச்சத்துக்குத் தீக்குச்சியோ லைட்டரோ கூடவே கூடாது. ஒரு கிராம் தண்ணீர் உடைந்தாலே ஒன்றேகால் லிட்டர் ஹைட்ரஜன் உண்டாகிறது. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் கலந்தால் அது பற்றிக்கொள்ளும். பேட்டரி வெடித்தால் தெறிப்பது அமிலம் என்பதை நினைவில் வையுங்கள். கண்ணாடி அணியாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். மோதிரத்தையும் உலோகக் கைக்கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள். கண்ணில் ஒரு துளி பட்டாலும் ஓடும் நீரில் பதினைந்து நிமிடமாவது கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

நீர் ஊற்றும் நேரமும் முக்கியம். பேட்டரி சார்ஜ் ஆகும்போது திரவம் சூடாகி விரியும், குமிழ்களும் மட்டத்தை உயர்த்தும். இறங்கிப்போன பேட்டரியில் மேல்கோடு வரை ஊற்றிவிட்டு சார்ஜ் போட்டால் அது பொங்கி வழியும், அதோடு அமிலமும் போகும். அதனால் சார்ஜ் முடிந்த பிறகு நிரப்புவதே முறை. தகடுகள் திரவத்துக்கு மேலே தலைகாட்டியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. அப்போது அவை மூழ்கும் அளவுக்குக் கொஞ்சம் ஊற்றி, சார்ஜ் செய்து, பிறகு மீதியை நிரப்புங்கள். காற்றுப்பட்ட எதிர்தகட்டின் பஞ்சு ஈயம் ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டுப்போகும், அந்தப் பகுதி பழையபடி வேலை செய்யாது. மேலே காலியிடம் கூடக்கூட அங்கே வெடிக்கும் வாயு தேங்குவதும் கூடும். பிளாஸ்டிக் புனலையோ ஊசிமூக்குப் புட்டியையோ பயன்படுத்துங்கள், உலோகப் புனல் வேண்டாம். ஊற்றியவுடன் ஹைட்ரோமீட்டரை வைத்துப் பார்த்துப் பயப்படாதீர்கள். இலேசான தண்ணீர் மேலே மிதந்துகொண்டிருக்கும். வண்டி ஓடி, குமிழ்கள் கிளறி, இரண்டும் கலந்த பிறகே எண் உண்மையைச் சொல்லும்.

எந்தத் தண்ணீர் என்பதில் பலர் சிக்கனம் பார்க்கிறார்கள். தண்ணீர்மலை அருவி எவ்வளவு தெளிவாக ஓடினாலும், குழாய்த்தண்ணீர் குடிக்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், பேட்டரிக்கு ஆகாது. தண்ணீர் போகும்போது கரைந்திருந்த உப்புகள் போவதில்லை. அமிலம் தங்குவதுபோல அவையும் தங்கி, ஒவ்வொரு நிரப்பிலும் சேர்ந்துகொண்டே வரும். குளோரைடு நேர்தகட்டை அரிக்கும். இரும்பு, ஒரு தகட்டில் ஆக்சிஜனேற்றம் அடைந்து மறு தகட்டில் ஒடுக்கம் அடைந்து, இரண்டுக்கும் இடையே போய்வந்து சார்ஜைத் தின்னும். நிறுத்தி வைத்த காரின் பேட்டரி தானாகவே இறங்கும். புட்டியில் விற்கும் மினரல் வாட்டரில் தாதுக்கள் இருப்பதால் அதுவும் வேண்டாம். ஏர்கான் சொட்டும் நீரைப் பிடித்து ஊற்றுபவர்களும் உண்டு. அது ஆவி குளிர்ந்து வந்த நீர் என்பது உண்மைதான், ஆனால் செம்புக் குழாயையும் அலுமினியத் தகட்டையும் அழுக்கையும் தொட்டுக்கொண்டு வருகிறது. காய்ச்சி வடித்த நீரோ, அயனி நீக்கிய நீரோதான் வேண்டும். அதன் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் கீழே.

மட்டம் எப்படி இறங்கியிருக்கிறது என்பதைப் பார்த்தே நோயைக் கண்டுபிடிக்கலாம். ஆறு அறைகளும் ஒரே சீராக, வழக்கத்தைவிட வேகமாக வற்றினால் ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜை அளக்கச் சொல்லுங்கள். அது 14.8ஐத் தாண்டியிருந்தால் பெரும்பாலான கார்களில் ரெகுலேட்டரைச் சந்தேகிக்க வேண்டும். ஒரே ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட மிகத் தாழ்ந்திருந்தால் முதலில் பெட்டியில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் இல்லாமல், முழு சார்ஜுக்குப் பிறகும் அந்த அறையின் ஒப்படர்த்தி மற்றவற்றைவிட 0.050க்கு மேல் குறைவாக இருந்தால், அந்த அறை உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். அதற்குத் தண்ணீரும் மருந்தல்ல, அமிலமும் மருந்தல்ல.

இன்று பினாங்கில் விற்கும் கார் பேட்டரிகளில் நிறைய ‘எம்எஃப்’ வகை. தகட்டில் ஆண்டிமனிக்குப் பதிலாகக் கால்சியம் சேர்த்த ஈயம் இருப்பதால் அவை மிகக் குறைவாகவே தண்ணீரை இழக்கின்றன. மூடி ஒட்டப்பட்டிருந்தால் அதைக் கத்தியால் நெம்பித் திறக்க வேண்டாம். மேலே பச்சை, கறுப்பு நிறம் காட்டும் சிறு கண் ஆறில் ஓர் அறையை மட்டுமே பார்க்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பச்சை தெரிந்தும் வண்டி கிளம்பாவிட்டால் கண்ணை நம்பாமல் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மூடி கழற்றக்கூடிய பேட்டரி உங்கள் காரில் இருந்தால், இந்த ஊர்ச் சூட்டில் மாதம் ஒருமுறை மட்டத்தைப் பாருங்கள். கடையில் புட்டியை வாங்கும்போது விளக்குவெளிச்சத்தில் பெயரைப் படித்து, ‘ஆயர் சூலிங்’ என்று இருப்பதை மட்டும் எடுங்கள். யாராவது அமிலம் ஊற்றித் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.